பெய்ஜிங்கும் குளிர், ஹார்பின் இன்னும் குளிர்

ஜனவரியில் பெய்ஜிங்கின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி. வடகிழக்குச் சீனாவின் ஹார்பினில் அது மைனஸ் 18-ஐ ஒட்டி இருக்கும். தெற்கே குவாங்சோவில் 14 டிகிரி அளவில் இதமாக இருக்கும். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடச் சீன மொழி என்ன செய்கிறது என்பதை இந்த மூன்று ஊர்களை வைத்தே பார்த்துவிடலாம்.

‘ஹார்பின் பி பெய்ஜிங் லெங்.’ லெங் என்றால் குளிர். ‘பி’ நம்முடைய ‘விட’ செய்யும் வேலையைச் செய்கிறது. நாம் ‘பெய்ஜிங்கைவிட’ என்று ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் ‘பி பெய்ஜிங்’ என்று முன்னால் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் கோல்ட் என்பது கோல்டர் ஆகிறது, அதன் பிறகுதான் தேன் வருகிறது. சீனத்திலோ லெங் என்ற சொல் எந்த மாற்றமும் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. தமிழிலும் குளிர் என்ற சொல் மாறுவதில்லை என்பதால் நமக்கு இது எளிதாகவே வரும்.

அடுத்தது ‘கெங்’. ‘ஹார்பின் பி பெய்ஜிங் கெங் லெங்’ என்றாலும் ஹார்பினில்தான் குளிர் அதிகம். ஆனால் பெய்ஜிங்கும் குளிரான ஊர்தான் என்பது கூடவே தொனிக்கிறது. ‘பெய்ஜிங்கைவிட ஹார்பின் இன்னும் குளிர்’ என்று நாம் சொல்வதற்கு இது சமம். ஆங்கிலத்தில் வெறும் கோல்டர் போதாது, ஈவன் கோல்டர் என்றால்தான் பொருள் முழுதாக வரும்.

இந்தத் தொனி எவ்வளவு முக்கியம் என்பது குவாங்சோவைக் கொண்டுவந்தால் தெரியும். ‘ஹார்பின் பி குவாங்சோ லெங்’ என்பதில் சிக்கல் இல்லை. நடுவே கெங் நுழைந்தால், குவாங்சோவிலும் குளிர் வாட்டுகிறதா என்று கேட்பவர் யோசிப்பார். பி இரண்டு ஊர்களையும் தராசில் வைப்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டு ஊர்களிலும் குளிர் உண்டு என்ற செய்தி கெங்கோடு சேர்ந்தே வருகிறது. கோல்டர் என்று கண்டதும் கெங் போட்டுவிடும் மாணவர், தாம் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.

பி இல்லாத இடத்தில் கணக்கு சற்று மாறும். கடையில் இரண்டு சட்டைகளைக் காட்டி, ‘இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, இது கெங் மலிவு’ என்று ஒருவர் சொன்னால் ஆங்கிலத்தில் சீப்பர் என்றாலே பெரும்பாலும் போதும். ஈவன் தேவையா என்பதைச் சூழல்தான் முடிவு செய்யும்.

பியும் கெங்கும் இல்லாமலும் ஒப்பீடு நடக்கும். ‘பெய்ஜிங் லெங்கா, ஹார்பின் லெங்கா?’ என்று கேட்டால் ‘ஹார்பின் லெங்’ என்பதே விடை. ஆங்கிலத்தில் அது கோல்டர். ஒப்பீடு எதுவும் இன்றி ஹார்பின் குளிரான ஊர் என்று மட்டும் சொல்ல, ‘ஹார்பின் ஹென் லெங்’ என்று ஹென் சேர்ப்பார்கள். அகராதி ஹென்னுக்கு ‘மிக’ என்று பொருள் தந்தாலும், இந்த இடத்தில் அதற்கு அத்தனை அழுத்தம் கிடையாது.

தமிழர்கள் இடறுவது இந்த ஹென்னில்தான். ‘பெய்ஜிங்கைவிட ஹார்பின் ரொம்பக் குளிர்’ என்பது நமக்கு இயல்பான பேச்சு. அதே வேகத்தில் ‘பி பெய்ஜிங் ஹென் லெங்’ என்றால் சீனத்தில் பிழை. ஆங்கிலத்தில் வெரி கோல்டர் என்று சொல்வது போன்ற பிழை அது. ஆங்கிலம் அங்கே மச் கோல்டர் என்கிறது. சீனம் அளவைப் பண்புச்சொல்லுக்குப் பின்னால் தள்ளி, ‘லெங் த துவோ’ என்கிறது. வேறுபாடு சிறிதென்றால் ‘லெங் யீதியென்’. உயரம் என்ற காவ் வந்தாலும் இதே வரிசைதான். ஐந்து சென்டிமீட்டர் உயரம் என்று நாம் சொல்வதை அவர்கள் ‘காவ் ஐந்து சென்டிமீட்டர்’ என்று சொல்வார்கள். இப்படித் துல்லியமான அளவு வரும்போது கெங் பொதுவாக வராது.

எதிர்மறையில் இரண்டு வழிகள் உண்டு. ‘பெய்ஜிங் மெய்யோ ஹார்பின் லெங்’ என்றால் ஹார்பின் அளவுக்குப் பெய்ஜிங்கில் குளிர் இல்லை. ஆங்கிலத்தின் நாட் ஆஸ் கோல்ட் ஆஸ் இதற்குப் பொருந்தும். ‘பெய்ஜிங் பு பி ஹார்பின் லெங்’ என்பது வேறு. பெய்ஜிங்கில்தான் குளிர் அதிகம் என்று யாரோ சொன்னதை அது மறுக்கிறது. இரண்டும் சமமாக இருக்கலாம் என்ற வாய்ப்பையும் அது விட்டுவைக்கிறது. ஆங்கிலத்தில் நாட் கோல்டர் தேன்.

ஆகவே ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குப் போகும்போது தேன் இருந்தால் பி மட்டும் போடுவதே பாதுகாப்பு. ஒப்பிடப்படும் மற்றதற்கும் அந்தப் பண்பு உண்டு என்று சொல்ல விரும்பினால் மட்டும் கெங் சேர்க்கலாம்.