காவிரி ஒன்று, கேள்வி இரண்டு
எழுதிப் பழகுவோம் – 11

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளில் 2016ஆம் ஆண்டு ஒரு தலைப்பு வந்தது: கூட்டாட்சி இந்தியாவில் மாநிலங்களுக்கு இடையேயான நீர்த் தகராறுகள். அடுத்த ஆண்டு வந்தது வேறொன்று: பெரும்பாலான உழவர்களின் பிழைப்புக்கு ஆதாரமாக இருக்கும் திறனை இந்திய வேளாண்மை இழந்துவிட்டது. இரண்டையும் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு மனம் துள்ளும். நம்ம ஊர்க் கதைதானே என்று தோன்றும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பயிற்சிக் கட்டுரைகள் திருத்தும் இடத்துக்குத் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருகிறார். ஒரு வாரம் முதல் தலைப்பையும் மறு வாரம் இரண்டாவதையும் எழுதித் தந்தார். தாள்களை அருகருகே வைத்துப் படித்தேன். வேளாண்மை நாட்டின் முதுகெலும்பு என்ற தொடக்கம் இரண்டிலும் இருந்தது. காவிரி பற்றிய 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு என்ற வரிசையும் இருந்தது. பிறகு சமூகம், பொருளாதாரம், அரசியல், சுற்றுச்சூழல் என நான்கு பத்திகள், கடைசியில் நதிநீர் இணைப்பு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் போட்டிருந்தேன். அதுவும் குறைவாக.

"எல்லாம் சரியான தகவல்தானே சார்? எதுக்குக் குறைச்சீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. மனப்பாடத்துக்கென்று தனியாக மார்க்கை வெட்டும் விதி இந்தத் தேர்வில் இல்லை. பாடத்திட்டத்தில் கட்டுரைத் தாளுக்கு எழுதியிருப்பது மிகச் சுருக்கம்: தலைப்பை ஒட்டியே எழுத வேண்டும், கருத்துகளை ஒழுங்குபட அடுக்க வேண்டும், சுருங்கச் சொல்ல வேண்டும், திறம்படவும் துல்லியமாகவும் சொல்வதற்கு மதிப்பெண் உண்டு. மனப்பாடப் பத்தி முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. அதைக் குறைத்துத் திருத்துவதில்லை. அதில் மதிப்பெண் போட இடமே கிடைப்பதில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் செவிலியர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நிலைமை இன்னும் கடுமை. விடை முழுக்க மனப்பாடம் என்று நிரூபணமானால் பூஜ்யம். உருப்போட்ட தொடர்களைப் பொருந்தாத இடத்தில் செருகுவது, சொல்வளத்துக்கான மதிப்பீட்டில் நான்காம் நிலையின் அடையாளமாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. கேள்வியைப் பார்த்ததும் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்று அளக்கத்தான் தேர்வு. முன்பே எழுதி வைத்த விடை, அவர் யோசித்ததைக் காட்டாது; சில சமயம் அதை எழுதிக் கொடுத்தவரைத்தான் காட்டும்.

திருத்துபவருக்கு இது எப்படித் தெரிகிறது என்று பலரும் கேட்கிறார்கள். தலைப்பிலுள்ள முக்கியச் சொற்களைக் கட்டுரை முழுவதும் தேடி வட்டமிட்டுப் பாருங்கள். தம்பியின் முதல் தாளில் 'கூட்டாட்சி' என்ற சொல் முதல் பத்தியில் ஒருமுறை, கடைசிப் பத்தியில் ஒருமுறை. நடுவிலிருந்த பக்கங்களில் அது இல்லவே இல்லை. ஆனால் அந்தத் தலைப்பின் உயிரே அந்தச் சொல்தான். தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17ஆம் இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை முறைப்படுத்துவது ஒன்றியப் பட்டியலில் 56ஆம் இனம். இத்தகைய தகராறுகளில் நீதிமன்றங்கள் தலையிடாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு. அப்படியிருந்தும் காவிரி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நடுவர் மன்றம் அமைந்ததற்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையிலான 17 ஆண்டுகள் வெறும் தேதிகளாக நின்றிருக்காது. கூட்டாட்சி ஏற்பாட்டில் எந்த மூட்டு இறுகிப் போயிருக்கிறது என்பதற்கு அவை சான்றாகியிருக்கும்.

இரண்டாவது தாளில் பிழை நுட்பமானது. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் அச்சாகிறது. தமிழில் எழுதுபவர் தலைப்பை மனத்துக்குள் பெயர்த்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்த 'சப்சிஸ்டன்ஸ்' என்ற சொல்லைத் தம்பி 'வாழ்வாதாரம்' என்று எடுத்துக்கொண்டார். அந்த நொடியிலேயே வாழ்வாதாரம் பற்றி உருப்போட்டிருந்த பத்திகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டன. கேட்டிருந்ததோ அதைவிடக் குறுகலானது: உண்டு உடுத்து உயிர்தரிக்கும் அளவுக்காவது விவசாயம் கொடுக்கிறதா? லாபத்தைப் பற்றி அது பேசவில்லை. 'இழந்துவிட்டது' என்பதால் ஒரு காலத்தில் கொடுத்தது என்றும் ஆகிறது. அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். 'பெரும்பாலான' என்பதால் யாருக்கு இன்னும் கொடுக்கிறது என்றும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் எழுதும் பிள்ளைகள் இந்தப் பெயர்ப்புக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பேன். பழகிய சொல் கையில் வந்தால், பழகிய கட்டுரையும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் சட்டகமே வேண்டாமா? வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆயிரம் சொற்களுக்கு மேல் இரண்டு கட்டுரைகள். வெறுங்கையோடு உட்கார முடியாது. ஆனால் சட்டகத்தை வாக்கியங்களாக வைத்திருக்கக் கூடாது, கேள்விகளாக வைத்திருக்க வேண்டும். தலைப்பு ஒரு முடிவைச் சொல்கிறதா, ஒரு பொருளை மட்டும் காட்டுகிறதா? எந்தச் சொல்லை எடுத்தால் தலைப்பே மாறிவிடும்? இதை மறுப்பவர் யார், அவரிடம் என்ன சான்று இருக்கிறது? சமூகம், பொருளாதாரம் என்ற அந்த நான்கு பெட்டிகள்கூட வரைவுத் தாளில் நினைவைக் கிளற உதவும். விடைத்தாளில் பத்தி வரிசையாக அவை வந்தால்தான் கெடுதல், ஏனென்றால் எந்தத் தலைப்புக்கும் அதே வரிசைதான் வரும்.

குருவைக்கும் சம்பாவுக்கும் நாற்றங்கால் வேலை ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் நாற்றின் வயது வேறு, நடவு இடைவெளி வேறு. சம்பாவுக்கான நீண்டகால ரகத்தைக் குருவையில் யாரும் விடுவதில்லை. இதைத் தம்பிக்கு நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். "அப்ப தகவலையும் பட்டத்துக்கு ஏத்த மாதிரி நடணும் சார், அதானே?"

அதேதான். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2016இல் அன்று திறக்கவில்லை. இந்தத் தகவலை எடுத்துக்கொண்டோம். முதல் தலைப்பில் அது, மேல்மாநிலம் எப்போது எவ்வளவு விட வேண்டும் என்பதை அன்றன்றைக்கு முடிவெடுக்கும் நிரந்தர அமைப்பு அப்போது இல்லை என்ற வாதத்துக்குப் போகும். காவிரி மேலாண்மை ஆணையம் 2018இல்தான் வந்தது. இரண்டாவது தலைப்பில் அது, ஆற்றுப் பாசனத்தையே நம்பியவருக்குக் குருவை போய், இரண்டு போகம் ஒன்றாகச் சுருங்குவதைக் காட்டும். அங்கே 1892 ஒப்பந்தத்துக்கு வேலை இல்லை. அதற்குப் பதிலாக 2012-13 தேசிய மாதிரி ஆய்வு வேண்டும். வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 6,426 ரூபாய், அதில் சாகுபடியிலிருந்து வந்தது பாதிக்கும் குறைவு. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமுள்ள குடும்பங்களுக்கு வரவைவிட வீட்டுச் செலவே அதிகம். பிழைப்பு என்ற சொல்லை நேராகத் தொடும் எண்கள் இவை. ஆனால் இது ஓர் ஆண்டின் கணக்கு மட்டும். 'இழந்துவிட்டது' என்பதை இது தனியாக நிறுவாது. அதற்கு நிலம் எப்படித் துண்டுபட்டது என்ற பழைய கணக்கும் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். எந்தப் பத்தியையாவது வெட்டியெடுத்து மற்றத் தலைப்பில் ஒட்டினால் பொருந்துகிறதா? பொருந்தினால் அந்தப் பத்தி எந்தத் தலைப்புக்கும் உரியதல்ல. திருத்துங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

போன ஞாயிறு இரண்டாவது கட்டுரையை மறுபடி எழுதிக் கொண்டுவந்தார். முதுகெலும்பைக் காணோம். முதல் வாக்கியம் இப்படி இருந்தது: டெல்டாவில் இரண்டு ஏக்கரில் நெல் விளைவிப்பவர், விளைந்ததை விற்றுவிட்டு, சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி வாங்குகிறார். அருகில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதினேன்: இவருடைய தாத்தா அந்த நிலத்து நெல்லிலேயே சாப்பிட்டாரா? விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.