தீபாவளி முடிந்தும் தொங்கும் துணி

தீபாவளி முடிந்த வாரத்தில் துணிக்கடைக்காரர் முன்னால் வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும். மிஞ்சிய சரக்கை மூட்டை கட்டி குடோனில் போட்டு, ஆடித் தள்ளுபடி வரை காத்திருப்பது ஒன்று. வாசலில் ‘பாதி விலை’ என்று பேனர் கட்டி ஒரே மூச்சில் தள்ளிவிடுவது இன்னொன்று. முதலாவதில் முதல் முடங்கும், இரண்டாவதில் பெயர் கெடும். விலையை நாள் குறித்துப் படிப்படியாக இறக்குகிற வழியும் இருக்கிறது. அதிக வேலை வாங்கும் வழி அது. சொந்தப் பெயரில் துணி விற்பவருக்கு அதுவே சரியானது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கான குர்த்தி செட் தைத்து, மூன்று கடைகளில் தன் பெயரிலேயே விற்கும் ஒரு சிறு பிராண்ட். தீபாவளிக்காக ஜரிகைக் கரை வைத்த ஒரு மாடலில் 500 செட் போட்டார்கள். அடக்கம் 700 ரூபாய், விற்பனை விலை 1,600. பண்டிகை முடிந்தபோது 320 விற்றிருந்தது, 180 மிச்சம்.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். “அடக்கத்துக்குக் கீழே கொடுக்க மாட்டேன்” என்று 700-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த 700 துணிக்கும் தையலுக்கும் என்றோ போய்விட்ட பணம். இன்று கேட்க வேண்டியது, இந்தத் துணி இனி எவ்வளவு கொண்டுவரும், எப்போது கொண்டுவரும் என்பதை மட்டுமே.

எப்போது என்பதற்கு நாட்காட்டியே பதில் சொல்லும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. பொங்கல் சரக்கு புத்தாண்டுக்குள் ஹேங்கரில் ஏறியாக வேண்டும். ஆக, கையில் இருப்பது ஏறக்குறைய எட்டு வாரம். 180 செட்டும் தீர வேண்டுமானால் வாரத்துக்கு 22, 23 போக வேண்டும். தீபாவளிக்குப் பிந்தைய முதல் வாரத்தில் முழு விலைக்கு 6 போனது என்றால், அந்த வேகத்தில் எட்டு வாரத்தில் ஐம்பது கூடத் தாண்டாது. விலையை இறக்கியே தீர வேண்டும் என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை.

ஆனாலும் அந்த முதல் வாரம் விலையைத் தொடக்கூடாது. நவம்பர் 6-ஆம் தேதி 1,600 கொடுத்து வாங்கியவர், அளவு மாற்றுவதற்காக 10-ஆம் தேதி கடைக்கு வருவார். அதே செட் 800-க்குத் தொங்குவதைப் பார்த்தால் அடுத்த தீபாவளிக்கு முன்கூட்டி வாங்குவாரா? துணி மாற்றித் தரும் கெடு முடியும் வரை பழைய விலையே இருக்கட்டும்.

அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. மூன்று கடைகளிலும் எந்தெந்த அளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எம், எல் அளவுகள் முதலில் போயிருக்கும். ஒவ்வொரு கடையிலும் எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் தொங்கிக்கொண்டிருக்கும், நடுவில் அனாதையாக ஒன்றிரண்டு எம். எல் அளவு தேடி வந்தவருக்குப் பாதி விலையிலும் எஸ் பொருந்தாது. அளவு இல்லாமல் நின்றுபோன விற்பனையை விலையால் நின்றதாக நினைத்து இறக்குவது வீண் நஷ்டம். மூன்று கடை மிச்சத்தையும் கூட்டம் அதிகம் வரும் ஒரு கடைக்குக் கொண்டுபோய் அளவு வரிசையைக் கூட்டியபிறகுதான் முதல் படி.

முதல் படி 20 சதவீதம், விலை 1,280. இதற்குக் கீழே, பத்து சதவீதம் என்றெல்லாம் இறக்கினால் யார் கண்ணிலும் படாது. இந்தப் படி பலித்ததா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. முன்பு நான்கு போன இடத்தில் ஐந்து போனால்தான் கல்லாவுக்கு அதே பணம் வரும். அதற்கும் மேலே போனால்தான் இறக்கியதில் அர்த்தம். முதல் சனி ஞாயிறை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், இரண்டு வார இறுதிகள் ஆகட்டும். நம் கணக்கில் வாரத்துக்கு 18 வீதம் மூன்று வாரத்தில் 54 போனது. வேகம் குறையத் தொடங்கியதும் 35 சதவீதம். 1,040 ரூபாய்க்கு இரண்டு வாரத்தில் 44. பிறகு பாதி விலையில் கடைசி இரண்டு வாரம், 52. கையில் நிற்பது 24 செட். அதை லாட் வியாபாரிக்கு 200 ரூபாய் வீதம் கொடுத்தால், முதல் வார 6 செட்டும் சேர்ந்து மொத்த வரவு சுமார் 1,71,000.

எடுத்த எடுப்பிலேயே பாதி விலை வைத்திருந்தால்? 180-இல் 165 போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் லாட்டுக்குப் போனாலும் 1,35,000 தாண்டாது. 1,280 கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் 800-க்குக் கொடுத்ததுதான் அந்த இடைவெளி. ஆடி வரை காத்திருந்தாலோ, முடங்கிய 1,26,000-க்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி போட்டால் ஒன்பது மாதத்தில் 17,000 போய்விடும். போதாக்குறைக்கு மடிப்பில் நிறம் மங்கிய துணியை, ஊரே தள்ளுபடி போடும் மாதத்தில் விற்க வேண்டியிருக்கும்.

நாள் குறித்து இறக்குவது புதிய உத்தி அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபைலீன்ஸ் கடையின் நிலவறைப் பிரிவு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தது. துணி வந்த தேதி சீட்டிலேயே இருக்கும். 12 விற்பனை நாள் கழித்து 25 சதவீதம், 18 நாளில் 50, 24 நாளில் 75, முப்பது நாள் தாண்டினால் தர்மத்துக்கு. காத்திருக்கலாம்தான், ஆனால் தன் அளவை வேறு யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ என்ற பயம் வாங்குபவருக்கு இருந்தது. சரக்கு கொஞ்சமாக இருக்கும்வரைதான் அந்தப் பயம் வேலை செய்யும். வருடாவருடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சினால் வாடிக்கையாளர் நிதானமாகக் காத்திருக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை ஜேசிபென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடர் 2012-இல் கண்டது. கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் நிறுத்திவிட்டு நாள்தோறும் ஒரே நியாய விலை என்று அறிவித்ததும் அந்த ஆண்டு விற்பனை கால் பங்கு சரிந்தது.

பெயரைக் காப்பது பெரும்பாலும் எங்கே, எதை, எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. குறைத்த துணி கடையின் உள்மூலையில் ஒரே ஸ்டாண்டில் இருக்கட்டும், வாசல் பொம்மைக்குப் புதுச் சரக்கு. முதல் படியைப் பேனரில் போடாமல் பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னால், தங்களுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை குர்த்தி, லெக்கிங்ஸ் போல வருடம் முழுதும் போகும் சரக்கை இந்த ஸ்டாண்டில் கலக்கவே கூடாது. அது நாளையும் முழு விலைக்குப் போகும். சீட்டில் 2,400 என்று ஏற்றி ஒட்டி, பிறகு 1,280 என்று அடிப்பது அப்பட்டமான பொய். செப்டம்பரில் அதே செட்டின் விலையைப் பார்த்தவர்களின் போனில் அந்தப் படம் இருக்கும்.

கடைசி 24 செட் லாட்டுக்குப் போகும்போது கழுத்து லேபிளை வெட்டிவிட வேண்டும். உங்கள் கடை இருக்கும் ஊரில் விற்கக்கூடாது என்பதையும் வியாபாரியிடம் முன்பே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தெரு தள்ளி நடைபாதையில் உங்கள் பெயரே 250 ரூபாய்க்குக் கிடக்கும். இல்லத்துக்கு இலவசமாகக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் இலவசமாகக் கொடுக்கும் சரக்குக்கு, துணி வாங்கியபோது எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

லாட் கட்டுமுன் அந்த 24 செட்டையும் அளவுவாரியாக எழுதி வையுங்கள். அதில் 17 எஸ் அளவாக இருந்தால், வரும் தீபாவளிக்குத் தையல் ஆர்டர் கொடுக்கும் நாளில் அந்தத் தாள் மேஜைமேல் இருக்க வேண்டும்.