இறுதி இருப்பை எண்ணாமல் லாபம் தெரியாது

விற்ற தொகையில் வாங்கிய தொகையைக் கழித்துவிட்டால் லாபம் வந்துவிடும் என்று பல கடைக்காரர்கள் நம்புகிறார்கள். ஆண்டு முழுக்க வாங்கிய சரக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தால் அது சரி. அப்படி எந்தக் கடையிலும் நடப்பதில்லை.

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு அருகே இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு கடையைக் கதையாக எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 31 நள்ளிரவு. இரவுப் பொறுப்பில் இருப்பவர் கணக்கு நோட்டைப் புரட்டுகிறார். விற்பனை 11,50,000 ரூபாய், கொள்முதல் 9,60,000 ரூபாய். மீதி 1,90,000 ரூபாய் லாபம் என்று முதலாளியிடம் சொல்கிறார். "இருப்பை எண்ணிட்டுச் சொல்லுப்பா" என்கிறார் முதலாளி.

கூட்டம் குறைந்த இரண்டு மணிக்கு எண்ணத் தொடங்குகிறார். எண்ணி முடித்த தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு. அதிலிருந்து விற்பதைத் தனித்தாளில் குறித்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் எண்ணிய பொருள் விற்பனையிலும் சேரும், இருப்பிலும் சேரும்.

பாக்கெட்டில் அச்சிட்ட விலைப்படி கூட்டினால் 1,75,000 வருகிறது. ஆனால் அந்த விலையில் இன்னும் விற்காத பொருளின் லாபமும் அடங்கியிருக்கிறது. வாங்கிய விலைக்கு மாற்றியதும் 1,49,000 ஆகிறது. காலாவதியான பிஸ்கட்டும் நமத்துப்போன முறுக்கும் 4,000 ரூபாய்க்கு இருக்கின்றன. அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் மதிப்பு பூஜ்யம். ஆக இறுதி இருப்பு 1,45,000.

ஆண்டுத் தொடக்கத்தில் 1,80,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது. அதோடு கொள்முதலைச் சேர்த்தால் 11,40,000. மிஞ்சிய 1,45,000 போக, கடையை விட்டுப் போன சரக்கின் அடக்கம் 9,95,000. ஆகவே மொத்த லாபம் 1,55,000தான். அவர் முதலில் சொன்னதைவிட 35,000 குறைவு. பழைய சரக்கில் அவ்வளவு கரைந்திருக்கிறது. வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

அச்சிட்ட விலையையே வைத்திருந்தால் லாபம் 30,000 ரூபாய் கூடித் தெரிந்திருக்கும். அது சம்பாதித்த பணம் அல்ல. இந்த இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு என்பதால், அதே 30,000 அடுத்த ஆண்டு லாபத்தில் குறையும்.

ஒவ்வொரு பொருளின் அடக்க விலையையும் கணினியில் ஏற்றியிருந்தால், விற்க விற்க லாபம் தெரியுமே என்று கேட்கலாம். விற்றதன் லாபம் தெரியும்; எலி கடித்ததும் களவு போனதும் பில்லில் ஏறுவதில்லை. இந்தக் கடையில் விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து மிஞ்சுவது வழக்கம். அந்தக் கணக்கில் இருப்பு 1,62,500 இருக்க வேண்டும். இருந்தது 17,500 குறைவு. அதில் 4,000 காலாவதிச் சரக்கு. மீதி 13,500 களவா, எழுத மறந்த கடன் விற்பனையா, விலை தவறிக் கொடுத்ததா என்பதை எண்ணிக்கை சொல்லாது. மாதா மாதம் எண்ணினால் எந்த மாதத்தில் குறைந்தது என்பதாவது தெரியும்.