சைக்கிள் தொங்கச் சுவர் தாங்குமா?

சென்னை அடுக்குமாடி வீடுகளில் சைக்கிளுக்கு என்று ஓர் இடம் கிடையாது. கீழே கார் நிறுத்துமிடத்தில் விட்டால் தூசி படியும், யாராவது எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பட்டுச் செயினில் துரு ஏறுவதும் சீக்கிரம். மேலே கொண்டுவந்தால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் நடையில்தான் நிற்க வேண்டும். அங்கே ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளின் ஹேண்டில்பாரில் தினமும் யாராவது இடித்துக்கொள்வார்கள். அதனால்தான் பலரும் சுவர்க் கொக்கியைத் தேடுகிறார்கள்.

கடையில் கொக்கி வாங்குபவர் பெட்டியில் ‘30 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார். அந்த எண் இரும்புக் கொக்கியைப் பற்றியது. அதுவும் கெட்டியான சுவரில் சரியாகப் பொருத்தினால் மட்டும் செல்லும். வீட்டுச் சுவரைப் பற்றி அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது.

ஒரு நடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலம் மூன்றே முக்கால் அடி, அதாவது சுமார் 115 சென்டிமீட்டர். சைக்கிள் நேர் ஹேண்டில்பார் கொண்ட சாதாரண கியர் சைக்கிள். எடை 15 கிலோ, நீளம் 175 செ.மீ., ஹேண்டில்பாரின் அகலம் 64 செ.மீ. இதைச் சுவருக்கு இணையாகப் படுக்கைவாட்டில் மாட்டினால் ஹேண்டில்பாரின் முழு அகலமும் கொஞ்சம் இடைவெளியும் சேர்ந்து சுமார் 68 செ.மீ. வெளியே நீட்டும். மீதி 47 செ.மீ.; ஒருவர் ஒருக்களித்துப் போகலாம். அதே சைக்கிளை முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டி, இரண்டு டயரும் சுவரைத் தொடும்படி செங்குத்தாக நிறுத்தினால் ஹேண்டில்பார் ஒரு மீட்டருக்கும் மேல் நடைக்குள் நீளும். வழி அடைபட்டுவிடும். செங்குத்துக் கொக்கியின் விளம்பரப் படங்கள் பெரும்பாலும் அகலமான கார் ஷெட்டில் எடுத்தவை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் படுக்கைவாட்டுதான் ஒரே வழியா? இல்லை. கதவுக் கீல் போலப் பக்கவாட்டில் திரும்பும் செங்குத்து ரேக்குகள் உண்டு. சைக்கிளை மாட்டியபின் சுவரோடு ஒட்டித் திருப்பிவிட்டால், அதுவும் ஏறத்தாழ ஹேண்டில்பாரின் அகல அளவுக்குத்தான் நீட்டும். சுவரின் நீளத்திலும் 175 செ.மீ.க்குப் பதில் ஒரு மீட்டர் அளவே அடைக்கும். வாசல் கதவு, குளியலறைக் கதவு, சுவிட்ச் போர்டு என்று துண்டு துண்டாகக் கிடக்கும் நடைச் சுவரில் இது பெரிய லாபம். தூக்கும் சிரமமும் குறைவு. சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, கடைசிச் சில அங்குலம் மட்டும் உயர்த்தினால் போதும். படுக்கைவாட்டுக் கொக்கிக்கு முழு எடையையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது நடக்காத காரியம்.

சுவர் உணரும் சுமையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பலரும் கவனிக்காத இடம் இது. படுக்கைவாட்டில் தொங்கும் 15 கிலோ சைக்கிளின் எடை சுவரிலிருந்து சுமார் 36 செ.மீ. தள்ளி இறங்குகிறது. சுவரில் பதிந்த தகட்டின் கீழ் விளிம்புக்கும் மேல் ஸ்குரூவுக்கும் உள்ள தூரம் 10 செ.மீ. என்றால், அந்த மேல் ஸ்குரூவை வெளியே இழுக்கும் விசை 15 x 36 / 10, அதாவது 54 கிலோ எடைக்குச் சமம். சைக்கிளைப் ‘பொத்’தென்று போட்டால் அந்தக் கணத்தில் இது இரட்டிப்பாகலாம். தகடு உயரமாக இருந்தால் இழுவை குறையும். தகடு 20 செ.மீ. என்றால் ஏறத்தாழப் பாதி. ஆகவே இரண்டு ரேக்குகளுக்கு நடுவே தேர்வு வந்தால் தகடு உயரமானதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

செங்குத்தில் பின்டயர் சுவரில் சாய்ந்து கொடுப்பதால் கொக்கியின் மேல் ஸ்குரூவில் வரும் இழுவை சுமார் 20 கிலோவோடு நின்றுவிடுகிறது. மெலிந்த சுவருக்கு அதனால்தான் செங்குத்து ஏற்றது. திரும்பும் ரேக்கை ஓரமாகத் திருப்பும்போது முறுக்கு விசையும் சேரும் என்பதால், நான்கு ஸ்குரூ கொண்ட தகடாக அது இருக்க வேண்டும்.

இனி சுவர். பூச்சுக்கும் பெயின்டுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை டிரில் தூளே சொல்லிவிடும். முதலில் சாம்பல் நிறப் பூச்சுத் தூள் வரும். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பலாகவே தொடர்ந்து, பிட் மெல்ல மெல்ல இறங்கினால் கான்கிரீட். வெளிர் நிற மாவு போல் கொட்டி, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் போனால் ஏஏசி பிளாக். சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அல்லது பலகைத் தடுப்பு.

செங்கல் சுவரில் நடக்கும் வழக்கமான பிழை, பூச்சையும் சுவராகக் கணக்கில் எடுப்பது. உட்பூச்சு 12 முதல் 15 மி.மீ. கனம், சில வீடுகளில் அதற்கும் மேல். அது எதையும் தாங்காது. 40 மி.மீ. பிளக் போட்டால் செங்கலுக்குள் இருப்பது 25 மி.மீ. மட்டுமே. பெட்டியோடு வரும் குட்டி பிளக்கை ஒதுக்கிவிட்டு, 8 அல்லது 10 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட நைலான் பிளக் வாங்குவது நல்லது. துளை செங்கலின் நடுவில் விழ வேண்டும். சிவப்புத் தூளுக்குப் பதில் மணல் உதிர்ந்தால் கலவை இணைப்பில் விழுந்திருக்கிறது. ஓர் அங்குலம் மேலோ கீழோ தள்ளிப் போட வேண்டும். துளைக்குள் தூளை விட்டுவைத்தால் பிளக் பிடிக்காது. ஊதியோ பிரஷ் விட்டோ எடுத்துவிட வேண்டும்.

கான்கிரீட் தூணும், முழுச் சுவரையும் அலுமினிய அச்சில் வார்த்த புதிய கட்டடங்களும் பிடிமானத்தில் முதல் தரம். அவற்றுக்கு ஹாமர் டிரில் வேண்டும். பிட் கம்பியில் முட்டினால் அடம்பிடிக்காமல் இடம் மாற்றுவதே சரி.

சிக்கல் ஏஏசி பிளாக்கில்தான். கடந்த சில ஆண்டுகளில் எழும்பிய அடுக்குமாடிகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் இதுதான். ஒரு கன மீட்டர் செங்கல் சுமார் 1,800 கிலோ என்றால் ஏஏசி 600 கிலோ அளவே. உள்ளெல்லாம் காற்றுக் குமிழ். இறுக்க இறுக்க விரியும் இரும்பு ஆங்கர் போல்ட்டை இதில் முடுக்கினால், குமிழ்கள் நொறுங்கித் துளை பெரிதாகும். போல்ட் இறுகியதுபோல் தோன்றிப் பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். ஏஏசிக்கென்றே அகன்ற மரையோடு வரும் நைலான் ஆங்கரைத்தான் போட வேண்டும். பிசின் ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் இன்னும் உறுதி. டிரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு, வெறும் சுழற்சியில் துளையிட வேண்டும். இன்னொரு நல்ல முறை, 18 மி.மீ. பிளைவுட் பட்டையை ஆறு இடத்தில் சுவரில் பதித்து, ரேக்கை அந்தப் பட்டையில் பொருத்துவது. இழுவை ஆறு துளைகளுக்குப் பிரிந்துவிடும்.

ஜிப்சம் போர்டுத் தடுப்பில் பலகை 12.5 மி.மீ.தான். அதில் நேராகச் சைக்கிளை மாட்டவே கூடாது. உள்ளே நிற்கும் இரும்புச் சட்டங்களைக் காந்தம் வைத்துத் தேடி, இரண்டு சட்டங்களை இணைத்து பிளைவுட் பட்டை போட்டால் லேசான சைக்கிளைச் செங்குத்தாக மாட்டலாம். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். எந்தச் சுவரானாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடக் கூடாது. வயர் குழாய் அந்த வழியில்தான் ஓடும். குளியலறைக்குப் பின்சுவர் என்றால் தண்ணீர்க் குழாயும் இருக்கும்.

டயர் அகலத்தை அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம். 26 x 2.10 என்று இருந்தால் 2.10 அங்குலம், அதாவது சுமார் 53 மி.மீ. செங்குத்துக் கொக்கியின் வளைவுக்குள் டயர் பக்கவாட்டில் நுழைய வேண்டும் என்பதால், டயரைவிட ஒரு செ.மீ.யாவது வாய் அகலமான கொக்கி தேவை. 28 மி.மீ. டயருக்கு எதுவும் பொருந்தும். மலைச் சைக்கிளின் 2.4 அங்குல டயரோ பல கொக்கிகளில் பிதுங்கி நிற்கும். நான்கு அங்குலத் தடித்த டயர் சைக்கிளுக்கு அதற்கென்றே செய்த ரேக் வேண்டும். நம் ஊர்ச் சைக்கிள்களில் இன்னொரு தடை மட்கார்டு. முன்மட்கார்டு சக்கரத்தை எங்கே மூடுகிறது என்று பார்த்து, கொக்கி நுழைய இடமிருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்க்க வேண்டும். மேல்பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை, பாரைத் தாங்கும் படுக்கைவாட்டு ரேக்கில் மாட்டவே முடியாது.

எடையைக் குளியலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். சைக்கிளைத் தூக்கியபடி ஏறி நின்று, தன் எடையைக் கழித்தால் போதும். பூட்டு, கூடை, தண்ணீர் பாட்டிலோடு நிறுக்க வேண்டும். கேரியரும் ஸ்டாண்டும் உள்ள பழைய கறுப்புச் சைக்கிள் 20 கிலோவைத் தாண்டிவிடும். மின்சாரச் சைக்கிளும் அப்படித்தான். பேட்டரியைக் கழற்றினால் சில கிலோ குறையும்.

உயரத்தைக் குறிக்க இருவர் வேண்டும். ஒருவர் சைக்கிளைச் செங்குத்தாக நிமிர்த்தி, பின்டயர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி சுவரோடு பிடிக்க, மற்றவர் முன் ரிம்மின் உட்பக்கம் வரும் இடத்தைப் பென்சிலால் குறிக்கலாம். பொருத்தியபின் சைக்கிளை உடனே மாட்ட வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்க்கலாம். தரையோடு ஒட்டித் தொங்கவிட்டால், விழுந்தாலும் சேதமில்லை.

காலையில் பார்க்க வேண்டியவை மூன்று: தகட்டைச் சுற்றிப் பூச்சில் மயிரிழை விரிசல், தகட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே புதிய இடைவெளி, கீழே தரையில் மெல்லிய தூள். ஒன்று தென்பட்டாலும் ஸ்குரூவை இன்னும் முறுக்கிச் சமாளிக்கக் கூடாது. கழற்றிவிட்டு வேறு இடத்தில் வேறு ஆங்கர் போட வேண்டும். மாட்டிய முதல் மாதம் வாரம் ஒருமுறை இதே மூன்றையும் பார்த்துவந்தால் போதும். ஆங்கர் பிடிமானம் விட்டால் இந்த அடையாளங்களே முதலில் சொல்லிவிடும்.

நடைச் சுவர் ஏஏசியாக இருந்து, சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் என்றால், தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிற்கும் கம்ப ரேக்கோ, எடையைத் தரையே தாங்கும் ஸ்டாண்டோதான் சரி. சொந்த வீடோ வாடகை வீடோ, டிரில்லை எடுக்கும் முன் கட்டியவரிடமோ சங்கத்திடமோ இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இந்தச் சுவர் எதனால் கட்டியது, வயரும் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன?