கைக்கடிகாரத்தில் ஒரு படிகம்

மின்கலத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தைத் திறந்து பார்த்தால், அதனுள் அரிசியினும் சற்றே பெரியதோர் உலோகக் குழல் தென்படும். அக்குழலினுள் குவார்ட்ஸ் படிகத்தால் ஆகிய நுண்ணிய இசைக்கவை ஒன்று உள்ளது. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும்; அதுவே கடிகாரத்தின் ஒரு நொடி.

குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880 ஆம் ஆண்டில் கியூரி சகோதரர் கண்டனர். மின்னழுத்தம் தந்தால் படிகம் நெளியும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின், அதிரும் படிகம் ஒரு மின்சுற்றைப் போலவே நடந்துகொள்கின்றது. படிகத்தின் நிறை, கம்பிச்சுருளின் வேலையைச் செய்கின்றது, அதன் மீள்சக்தி ஒரு சிறு மின்தேக்கியாகின்றது, உராய்வு மின்தடையாகின்றது. இம்மூன்றும் தொடராக இணைந்தவை. படிகத்தின்மேற் பூசிய உலோகத் தகடுகளோ, இவற்றிற்குப் பக்க இணைப்பாக அமைந்த மற்றொரு மின்தேக்கியாகும்.

இச்சுருளின் அளவு ஏறத்தாழ 7,900 ஹென்றி! கடிகாரத்துள் அடங்குமாறு அத்தகைய சுருளை எவராலும் சுற்ற இயலாது. சிறு மின்தேக்கியின் அளவு 0.003 பைக்கோஃபாரட், தகடுகளின் அளவு 1.5 பைக்கோஃபாரட்.

ஓர் அதிர்வெண்ணில் சுருளும் சிறு மின்தேக்கியும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அப்போது மின்தடை மட்டுமே எஞ்சுவதால் மின்னோட்டம் எளிதிற் பாயும். இது தொடர் ஒத்ததிர்வு. அதற்குச் சற்று மேலே, சுருளின் தன்மை மேலோங்கித் தகடுகளோடு ஒத்ததிரும். அப்போது மின்னோட்டம் மிகக் குறையும். இது பக்க ஒத்ததிர்வு. சிறு மின்தேக்கி, தகடுகளின் அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே. இவ்விரு ஒத்ததிர்வுகளுக்கும் உள்ள இடைவெளி அதிலும் பாதி, அதாவது அதிர்வெண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே, இடைவெளி நொடிக்கு 33 அதிர்வுகள் மட்டுமே.

கடிகாரத்தின் அலையியற்றி, படிகம் சுருளைப்போல் நடந்தால்தான் இயங்கும். படிகம் அவ்வாறு நடப்பது இக்குறுகிய இடைவெளியில் மட்டுமே. அவ்விடைவெளிக்குள் சுருளின் தன்மை சுழியிலிருந்து மிகப் பெரிய அளவுவரை விரைந்து ஏறுகின்றது. ஆகவே சுற்றில் எங்கேனும் மாறுதல் நேர்ந்தால், அதிர்வெண் மயிரிழை நகர்ந்தாலே அது சரியாகிவிடும்.

சாதாரணச் சுருளும் மின்தேக்கியும் கொண்ட ஒரு கடிகாரம் இருப்பதாகக் கொள்வோம். மின்தேக்கி நூற்றில் ஒரு பங்கு மாறினால், அக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏழு நிமிடத்திற்கு மேல் பிழைபடும். படிகக் கடிகாரத்தில் வெளியே இணைத்த 12.5 பைக்கோஃபாரட் மின்தேக்கி அதே அளவு மாறினால், பிழை ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

எனினும், படிகமும் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டதே. இவ்வகை இசைக்கவை 25 பாகை செல்சியஸில் மிக விரைந்து அதிரும். அதனினும் 20 பாகை கூடினாலும் குறைந்தாலும், கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் பிந்தும். வெயிலில் கிடந்த கடிகாரம் பிந்துவது இதனால்தான். கையில் அணிந்த கடிகாரமோ, உடலின் சூட்டால் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்து, காலத்தைப் பிழையின்றிக் காட்டுகின்றது.