டயரில் இருக்கும் நான்கு எண்கள்

"சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், பேப்பர் க்ளியர்." பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகள் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடும் பதிவுகளில் இந்த மூன்றும் தவறாமல் இருக்கும். கழுவிப் பாலிஷ் போட்ட வண்டியின் படம் கூடவே வரும். முதல்முறை பழைய வண்டி வாங்குகிறவருக்கு இதில் எதுவும் பயத்தைப் போக்காது. அவருக்கு வேண்டியது, கடைக்காரரை நம்பாமலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய தகவல். அதைக் கொடுக்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பதிவை அடையாளம் காண்பது கடினமில்லை.

ஒரு 110 சிசி ஸ்கூட்டரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் பதிவு. மீட்டரில் 14,200 கிலோமீட்டர். மீட்டர் படத்தை மட்டும் போட்டால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. கேபிளில் ஓடும் முள் மீட்டராக இருந்தால், கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினாலே போதும், எண் ஏறாது. டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க ஆள் இருக்கிறது. ஆகவே மீட்டருக்குச் சாட்சி வேறெங்காவது இருக்க வேண்டும்.

நல்ல பதிவில் டயரின் பக்கச் சுவரை நெருக்கமாக எடுத்த படம் இருக்கும். அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். 1524 என்றால் 2024ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம், அதாவது ஏப்ரலில் தயாரான டயர். நம் ஸ்கூட்டரின் பின் டயரில் இந்த எண் இருந்தால், கம்பெனி போட்ட டயர் போய் வேறு டயர் வந்திருக்கிறது. ஸ்கூட்டரின் பின் டயர் சாதாரணமாக இருபதாயிரம் கிலோமீட்டர் வரைகூட உழைக்கும். பதினாலாயிரத்துக்குள் அது ஏன் மாற்றப்பட்டது?

இதற்கு நியாயமான பதிலும் இருக்கலாம். ஆணி கிழித்திருக்கலாம், ஓவர்லோடில் சீக்கிரம் தேய்ந்திருக்கலாம். எது உண்மை என்பதைச் சொல்வது சர்வீஸ் பில். கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் ஒவ்வொரு முறையும் தேதியோடு கிலோமீட்டரையும் எழுதுவார்கள். 2023 அக்டோபரில் 6,100, 2024 நவம்பரில் 10,900 என்று சீராக ஏறினால் மீட்டர் பொய் சொல்லவில்லை. 2024 பில்லில் 19,000 என்று இருந்தால் பேரம் பேசவே வேண்டாம். பில் இல்லாத வண்டியெல்லாம் மோசமில்லை. இலவச சர்வீஸ் முடிந்ததும் தெருமுனை மெக்கானிக்கிடம் போகிறவர்கள்தான் அதிகம். "இரண்டாவது சர்வீஸுக்குப் பிறகு வெளியில்தான் விட்டிருக்கிறார்கள், பில் இல்லை" என்று ஒரு கடைக்காரர் எழுதினால், எனக்கு அவர்மேல் மதிப்பு கூடும்.

படங்களைவிட உதவுவது ஒரு நிமிட வீடியோ. காலையில், இன்ஜினைக் கையால் தொட்டு ஆறியிருப்பதைக் காட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ஏற்கெனவே சூடாக்கி வைத்த வண்டியில் ஸ்டார்ட்டிங் கோளாறும் தெரியாது, புகையும் சில நேரம் அடங்கிவிடும். அதே வீடியோவில் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, சீட்டுக்கு அடியில் துரு, பேனல் கீறல் எல்லாவற்றையும் காட்டுகிற கடைக்காரர் அதற்குத் தகுந்தபடிதான் விலையும் சொல்கிறார். சென்னை போன்ற ஊர்களில் சீட்டுக்கு அடியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் தனியாகக் காட்டச் சொல்வது நல்லது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. சேறு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி "பேப்பர் க்ளியர்". வண்டி எண்ணைக் கொடுத்து எம்பரிவாகன் செயலியில் பார்த்தால் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இருக்கிறதா என்பது தெரியும். பலர் மாட்டிக்கொள்வது கடைசி விஷயத்தில். தவணை கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஹெச்.பி.யை நீக்கியிருக்க மாட்டார்கள். நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் இல்லாமல் அது நீங்காது. நிறுவனம் சம்மதிக்காமல் பெயர் மாற்றமும் நடக்காது. "ஹெச்.பி. கேன்சல் ஆகிவிட்டது" என்பதற்கு ஆதாரம் புதிய ஆர்.சி.யின் படம்தான், கடைக்காரரின் வாக்கு அல்ல.

"இன்சூரன்ஸ் இருக்கிறது" என்பதிலும் ஒரு நெளிவு உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம் ஸ்கூட்டருக்கு அது 2027 வரை வரும். வண்டிக்கே சேதம் வந்தால் அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. அதற்கான பாலிசி தனி. அது இருந்தாலும், கைமாறிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய உரிமையாளரிடம் படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கி, தேதி போடாமல் வைத்திருப்பது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். 2023 ஏப்ரலிலிருந்து பதிவு பெற்ற டீலர்களுக்கென்று தனி விதி இருக்கிறது. அதன்படி வண்டி தன் கைக்கு வந்ததை டீலர் போக்குவரத்துத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். விற்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த அங்கீகாரச் சான்றின் படத்தைப் பதிவில் போடுகிற கடை என்றால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி டெலிவரி ரசீது. அதில் தேதியோடு நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காலை அந்த வண்டி ஏதாவது சிக்னலைத் தாண்டியிருந்தால், அது நீங்கள் இல்லை என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.