பால் பாக்கெட்டில் இரண்டு எண்கள்

நீல பாக்கெட் பாலைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "அது தண்ணிப் பால், ஆரஞ்சு பாக்கெட்டில் தண்ணீர் கலந்தால் நீலம்." ஆவின் நீல பாக்கெட் டோன்டு பால், ஆரஞ்சு ஃபுல் கிரீம் பால். ஒன்றில் தண்ணீர் ஊற்றினால் மற்றொன்று வந்துவிடுமா என்பதை பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் எண் கொழுப்பு. இரண்டாவது எண் எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள். புரதம், பாலுக்கு இயல்பான இனிப்பைத் தரும் லாக்டோஸ், கால்சியம் முதலான தாதுக்கள் எல்லாம் இதில் அடக்கம். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், எஸ்.என்.எஃப் 8.5. ஃபுல் கிரீமில் 6, 9. இவை சட்டப்படி இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச அளவுகள்.

ஃபுல் கிரீம் பாலில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கொழுப்பு 6 பாதியாகி 3 ஆகிவிடும்; டோன்டு பாலின் எண்தான். ஆனால் எஸ்.என்.எஃப்பும் கூடவே பாதியாகி 4.5க்கு இறங்கிவிடும். சட்டம் கேட்பது 8.5. தண்ணீர் இரண்டு எண்களையும் சேர்த்தே இழுத்து இறக்கும். டோன்டு பாலில் இறங்குவது முக்கியமாக முதல் எண்தான்.

இதைச் செய்யும் வழியை 1946இல் பம்பாயின் ஆரே பால் பண்ணையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் தாரா குரோடி. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். அந்தப் பாலை இன்னும் பல பேருக்கு, வாங்கக்கூடிய விலையில், சத்துக் குறையாமல் கொடுக்க வேண்டியிருந்தது. 6 சதவீதக் கொழுப்பும் 9 சதவீத எஸ்.என்.எஃப்பும் உள்ள எருமைப்பால் 50 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதில் கொழுப்பு 3 கிலோ. 100 கிலோ டோன்டு பாலுக்கு அது போதும். எஸ்.என்.எஃப் நாலரை கிலோதான் இருக்கிறது, எட்டரை கிலோ வேண்டும். குறையும் 4 கிலோவைக் கொழுப்பு நீக்கிய பால் பவுடரிலிருந்து கொடுக்கிறார்கள், ஏறக்குறைய 4.2 கிலோ பவுடர் பிடிக்கும். மீதி சுமார் 46 கிலோ தண்ணீர். ஆக, தண்ணீர் சேர்கிறது என்பது உண்மை. அந்தத் தண்ணீருக்கு வேண்டிய புரதமும் கால்சியமும் கூடவே சேர்கின்றன என்பதைத்தான் 'தண்ணிப் பால்' என்ற பேச்சு விட்டுவிடுகிறது. இன்று பல பால் பண்ணைகளில் பாலைச் சுழற்றிக் கிரீமைப் பிரித்தெடுத்தே கொழுப்பைக் குறைக்கிறார்கள். எடுத்த கிரீம் வெண்ணெயாகவும் நெய்யாகவும் விற்பனைக்கு வரும்.

பாலைச் சோதிக்கும்போதும் இரண்டு எண்களும் வேண்டும். லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை மட்டுமே காட்டும். தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும். கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது என்பதால், கிரீமை எடுத்தால் அடர்த்தி கூடும். கிரீமையும் எடுத்துத் தண்ணீரையும் ஊற்றினால் லாக்டோமீட்டர் நல்ல பால் என்றே காட்டக்கூடும். அதனால்தான் கொள்முதலில் கொழுப்பைத் தனியாக அளந்து, லாக்டோமீட்டர் அளவோடு சேர்த்து எஸ்.என்.எஃப்பைக் கணக்கிடுகிறார்கள்.

டபுள் டோன்டு பாலில் கொழுப்பு ஒன்றரை சதவீதம்தான். ஆனால் எஸ்.என்.எஃப் 9, டோன்டு பாலைவிட அரை சதவீதம் கூடுதல்! அரை லிட்டர் பால் ஏறத்தாழ 515 கிராம் எடை இருக்கும். ஃபுல் கிரீமில் அதில் 31 கிராம் கொழுப்பு, டோன்டில் 15, டபுள் டோன்டில் 8. எஸ்.என்.எஃப்போ 46, 44, 46 கிராம். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறும்போது அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி நெய்யளவு கொழுப்பு குறைகிறது; புரதமும் கால்சியமும் பெரும்பாலும் அப்படியே கிடைக்கின்றன. கொழுப்போடு போவது ஏ, டி வைட்டமின்கள். அவற்றைத் திரும்பச் சேர்த்த பாலின் பாக்கெட்டில் '+F' முத்திரை இருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆவினிலேயே பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5, ஊதா நிற டிலைட்டில் 3.5, எஸ்.என்.எஃப் இரண்டிலும் 8.5.

சமையலுக்கு வந்தால், தயிர் கெட்டியாக உறைவது புரதத்தால். அதனால் டபுள் டோன்டு பாலிலும் தயிர் நன்றாகவே உறையும், நாக்கில் அந்த வழவழப்புதான் இருக்காது. பால்கோவாவுக்குப் பார்க்க வேண்டியது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. ஃபுல் கிரீமில் 15, டோன்டில் பதினொன்றரை. தண்ணீரெல்லாம் வற்றிய பின் வாணலியில் நிற்பது இதுதான்: சர்க்கரையைக் கணக்கில் சேர்க்காமல், அரை லிட்டருக்கு முன்னதில் சுமார் 77 கிராம், பின்னதில் 59.